பெருங்காயத்தை எழுத மறந்த கடிதம்

என் மகளுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு வந்த முதல் விருந்து அது. மாப்பிள்ளையின் பெரியம்மா வீட்டில் அழைத்திருந்தார்கள். இரண்டு நாள் முன்னதாகவே நான் போனில், "அவளுக்குக் கோதுமை ஆகாதுங்க, சப்பாத்தி பூரி மட்டும் வேண்டாம்" என்று சொல்லிவைத்தேன். "அதுக்கென்னம்மா, நம்ம வீட்ல எப்பவும் சோறுதானே" என்றார்கள் அந்த அம்மா. சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றினார்கள். சாம்பார், ரசம், அவரைக்காய்ப் பொரியல், வாழைக்காய் வறுவல், அப்பளம், பாசிப்பருப்புப் பாயசம். இலையில் கோதுமை என்று சொல்ல ஒரு பண்டம் இல்லை.

அன்று ராத்திரி இரண்டு மணிக்கு மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். சரியாக மூன்று நாள் ஆனது. அந்த வீட்டார் மீது எந்தத் தவறும் இல்லை. நான் சொன்ன விதம்தான் தவறு. "கோதுமை ஆகாது" என்று நான் சொன்னது அவர்கள் காதில் "சப்பாத்தி வேண்டாம்" என்று மட்டும்தான் விழுந்திருக்கும். யார் காதிலும் அப்படித்தான் விழும்.

மகளுக்கு இருப்பது சீலியாக் நோய். பத்தொன்பது வயதில் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் நான்கு வருடம் ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தும் ஹீமோகுளோபின் ஏறவே இல்லை. கடைசியில் ஒரு ரத்தப் பரிசோதனையும், எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடலில் கிள்ளி எடுத்த துளியளவு சதையும்தான் காரணத்தைச் சொல்லின. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. மாவைப் பிசையும்போது இழுத்தால் நீளுகிறதே, அந்தப் பிசுபிசுப்பு அதனால்தான் வருகிறது. சீலியாக் உள்ளவர்களுக்கு இந்தப் புரதம் குடலுக்குள் போனால், உடம்பின் எதிர்ப்பு சக்தியே திரும்பித் தன் குடலைத் தாக்குகிறது. சத்தை உறிஞ்சுகிற விரல் போன்ற முளைகள் மழுங்கிப் போகின்றன. பிறகு எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது.

இது வேர்க்கடலை ஒவ்வாமை மாதிரி சில நிமிடங்களில் மூச்சுத் திணற வைக்கிற விஷயம் இல்லை. அதனாலேயே விருந்து வீட்டில் இதை நம்பவைப்பது கஷ்டம். மணிக்கணக்கில் கழித்துத்தான் வயிறு காட்டிக்கொடுக்கும். சிலருக்கு எதுவுமே தெரியாது, உள்ளே குடல் மட்டும் புண்ணாகிக்கொண்டிருக்கும். "போன தடவை சாப்பிட்டாளே, ஒண்ணும் ஆகலையே" என்பதைக் கணக்கில் எடுக்க முடியாது. மருந்தும் இல்லை. ஆயுள் முழுக்க அந்தத் தானியங்களை விட்டுவிடுவதுதான் வைத்தியம். ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே இதைக் கண்டறிந்தார். 1944-45 குளிர்காலத்தில் அங்கே ரொட்டிக்கே பஞ்சம் வந்தபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறியதையும், ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி நலிந்ததையும் அவர் கவனித்தார்.

வட இந்தியாவில் கோதுமைதான் அன்றாடச் சாப்பாடு. அங்கே நூற்றில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக ஆய்வு சொல்கிறது. தெற்கே ஆயிரத்தில் ஒருவர்தான். அதனால் நம் பக்கத்து வீடுகளில் இந்தப் பெயரைக் கேட்டிருக்கவே மாட்டார்கள். அரிசிச் சாப்பாட்டுக்காரர்கள்தானே, என்ன சிரமம் என்று நானும்தான் நினைத்தேன்.

விருந்துக்கு மறுவாரம் அந்த அம்மாவிடமே பேசி, அன்று சமைத்ததை ஒவ்வொன்றாகக் கேட்டேன். இரண்டு இடம் தெரிந்தது. காலையில் பூரி பொரித்த எண்ணெயில்தான் வாழைக்காயையும் அப்பளத்தையும் பொரித்திருக்கிறார்கள். இன்னொன்று பெருங்காயம்.

பெருங்காயப் பால் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்திலிருந்து பிசினாக வருகிறது. அப்படியே சமையலில் போட முடியாத அளவுக்கு வீரியம். அதனால் கோந்தும் மாவும் கலந்துதான் தூளாகவும் கட்டியாகவும் விற்கிறார்கள். பல கம்பெனிகளில் அந்த மாவு கோதுமை மாவு அல்லது மைதா. சிலவற்றில் மட்டும் அரிசி மாவு. டப்பாவைத் திருப்பினால் பொடி எழுத்தில் எழுதியிருக்கும்.

சிட்டிகைப் பெருங்காயத்தில் என்ன இருந்துவிடப் போகிறது என்று கேட்கிறவர்களுக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறு பேருக்கான சாம்பாரில் அரை கிராம் தூள் போடுகிறோம், அதில் பாதி கோதுமை மாவு என்று வைத்துக்கொள்வோம். மாவு 250 மில்லிகிராம். கோதுமை மாவில் சுமார் பத்தில் ஒரு பங்கு குளூட்டன், அதாவது 25 மில்லிகிராம். ஆளுக்கு நான்கு மில்லிகிராம். சாம்பார் மட்டும் என்றால் போகட்டும். ரசத்திலும் பெருங்காயம், பொரியல் தாளிப்பிலும் பெருங்காயம், மோரிலும் ஊறுகாயிலும் அப்பளத்திலும்கூடப் பெருங்காயம். இலையை மடிப்பதற்குள் இருபதைத் தொட்டுவிடும். நாளுக்குப் பத்து மில்லிகிராம் வரை பெரும்பாலோர் தாங்குவார்கள் என்பதும், ஐம்பது மில்லிகிராம் தொடர்ந்து போனால் குடல் கெடும் என்பதும் மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. முப்பது கிராம் மாவில் செய்த ஒரே சப்பாத்தியில் சுமார் மூவாயிரம் மில்லிகிராம் இருக்கிறது. ஒரு சப்பாத்தியை முந்நூறு துண்டாக்கினால் அதில் ஒரு துண்டுதான் அந்தப் பத்து மில்லிகிராம். பூரி எண்ணெயில் மிதக்கும் கருகிய துகள்களை நினைத்துப் பாருங்கள். சூட்டில் குளூட்டன் அழியாது. எத்தனை கொதி வந்தாலும் போகாது. சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவினால் மட்டுமே போகும்.

அடுத்த மாதம் கும்பகோணத்தில் மாப்பிள்ளையின் அத்தை வீட்டு விருந்து. இந்த முறை போனில் சொல்லவில்லை. எட்டு நாள் முன்னதாக, மளிகை வாங்குவதற்கு முன்பே, எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். போனில் சொன்னது சொன்னவரோடும் கேட்டவரோடும் நின்றுவிடும். எழுதியதைச் சமையல்கார அம்மாவிடமும் காட்டலாம், அடுப்பருகில் வைத்துக்கொண்டும் பார்க்கலாம். நான் எழுதியது இதுதான்:

"அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலு பேரும் வருகிறோம். பாப்பாவின் சாப்பாடு பற்றி ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அவளுக்குச் சீலியாக் என்று ஒரு குடல் நோய். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி இவை துளி பட்டாலும் குடல் புண்ணாகும். பத்தியமோ விருப்பமோ இல்லை, டாக்டர் சொன்னது.

நீங்கள் வழக்கமாகச் செய்கிற சோறு, பருப்பு, நெய், சாம்பார், ரசம், கூட்டு, தயிர், இட்லி, தேங்காய்ச் சட்னி எல்லாமே அவள் சாப்பிடுவாள். தனியாக எதுவும் சமைக்க வேண்டாம். நாலே விஷயம் பார்த்துக்கொண்டால் போதும். பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும், அரிசி மாவில் செய்த டப்பா நான் முன்னாடியே கொடுத்தனுப்புகிறேன், அன்றைக்கு எல்லாவற்றுக்கும் அதையே போடுங்கள். அப்பளத்திலும் ஊறுகாயிலும் பெருங்காயம் இருப்பதால் அவளுக்கு வைக்க வேண்டாம். வறுவல் புது எண்ணெயில் முதலில் பொரித்துவிட்டு, பிறகு பூரியோ பஜ்ஜியோ போடலாம். பாயசம் சேமியா இல்லாமல் பருப்பிலோ ஜவ்வரிசியிலோ இருந்தால் அவளும் குடிப்பாள்.

மற்றவர்களுக்குப் பூரி, கேசரி செய்வதாக இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். கரண்டி மட்டும் தனியாக இருக்கட்டும், அவளுக்கு முதலில் பரிமாறிவிடுங்கள். ஏதாவது சந்தேகம் என்றால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், உடனே பார்த்துச் சொல்கிறேன். அப்படியும் ஒன்று தவறிப்போனால் எங்களிடம் சொல்லிவிடுங்கள். அவள் அதைத் தொடாமல் மற்றதைச் சாப்பிடுவாள், மனவருத்தம் எதுவும் வேண்டாம்."

இதை எழுதும்போது பொருளின் பெயரைவிடப் பண்டத்தின் பெயருக்குத்தான் அதிக இடம் கொடுத்தேன். குளூட்டன் என்ற சொல்லையே எழுதவில்லை. சமைக்கிறவர் கைக்கு வருவது ரவையும் சேமியாவும் பெருங்காயமும்தான். சாப்பிடக் கூடியதை முதலில் சொன்னதற்கும் காரணம் உண்டு. ஆகாதவற்றின் பட்டியலைப் பார்த்ததுமே விருந்து வைக்கிறவருக்குக் கை ஓய்ந்துபோகும். "அப்ப என்னதான் போடறது" என்று கலங்கி, பழமும் பாலும் வைத்து அனுப்பிவிடுவார்கள். கடைசி வரியைத்தான் நான் அதிகம் யோசித்து எழுதினேன். தவறை மறைக்க வேண்டிய நிலைமை யாருக்கும் வரக் கூடாது. மறைத்தால் அவதிப்படுவது பாப்பாதான்.

மறுநாளே அத்தையிடமிருந்து கேள்வி வந்தது. "இடியாப்பம் பண்ணலாம்னு இருக்கேன், அரிசிதானே?" நான் எழுதாமல் விட்ட ஒன்றை அந்தக் கேள்வி பிடித்துக் கொடுத்தது. இடியாப்ப மாவு மில்லில் அரைத்தது. அந்த இயந்திரத்தில் முன்னால் அரைத்தவர் கோதுமை கொண்டுவந்திருந்தால், கல்லில் தங்கியது முழுக்க நம் அரிசி மாவில் வந்துவிடும். கம்பு, கேழ்வரகு, தினை எல்லாமே இந்த நோய்க்கு நல்லவைதான், ஆனால் மில்லில் அரைத்து வந்தால் அவற்றுக்கும் இதே கதி. அத்தை அரிசியை ஊறவைத்து, துணியில் உலர்த்தி, வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துச் சலித்தார்கள். சல்லடையும் கோதுமை மாவு சலிக்காத புதுச் சல்லடை. அதை நான் கேட்கவில்லை, அவர்களாகவே யோசித்தது.

தோசைக்கல் ஒன்றுதான் மிஞ்சியது. சப்பாத்தி சுட்டுச் சுட்டுப் பழகிய இரும்புக் கல்லை எப்படித் தேய்த்தாலும் நம்ப முடியாது. அதனால் ராத்திரிக்குத் தோசையை விட்டுவிட்டு இட்லியோடு முடித்துக்கொண்டோம். தட்டைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. கழுவிய வாழையிலைக்கு மேல் சுத்தமான தட்டு ஏது?

அன்று மகள் பந்தியில் எல்லாரோடும் உட்கார்ந்து, இரண்டாவது தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

உங்கள் வீட்டுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு கடிதம் வரலாம். வந்தால் சரி என்று மட்டும் பதில் போடாமல், என்னென்ன சமைக்கப் போகிறீர்கள் என்பதை ஒரு வரி எழுதி அனுப்புங்கள். எழுதியவர் மறந்த ஒன்று அந்தப் பட்டியலில்தான் இருக்கும். அப்படியே, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பெருங்காய டப்பாவையும் ஒருமுறை திருப்பிப் படித்துப் பாருங்கள்.