கமிட்டிக்குப் போகும் கவருக்குள் எட்டிப் பார்த்தோம்!

சத்தம் போடாமல் வாங்க! ஓர் அரசு மருத்துவக் கல்லூரியின் மகப்பேறு துறை, டியூட்டி டாக்டர் அறை. மேசையில் ஆறிப்போன டீ, நாற்காலியில் கசங்கிய கோட்டு, நடுவில் லேப்டாப்போடு மல்லுக்கட்டும் பி.ஜி. டாக்டர். எத்திக்ஸ் கமிட்டிக்குக் கடிதமும் சுருக்கமும் நாளைக்குள் போயாக வேண்டும்.

விஷயம் சின்னதுதான். சிசேரியனுக்குக் கத்தி வைக்கும் முன், 60 நிமிடத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்களா? 100 பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்க்கும் ஆடிட். யாரையும் தொடப்போவதில்லை. அந்தத் தெம்பில், ‘இதற்குக் கமிட்டியின் பரிசீலனை தேவையில்லை’ என்றே கடிதத்தை ஆரம்பித்திருக்கிறார்!

அவருடைய பேராசிரியை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார். “தேவையா இல்லையான்னு முடிவு பண்றது அவங்கதாம்மா. நீ கேளு, போதும்.” ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதலும் அந்த முடிவைக் கமிட்டியிடம்தான் விட்டிருக்கிறது. வரி மாறுகிறது: விரைவுப் பரிசீலனையும், நோயாளியின் ஒப்புதல் பெறுவதிலிருந்து விலக்கும் கோருகிறோம். கூடவே காரணம்: எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள், பலரைத் தேடிப்பிடிக்க முடியாது, அவர்களுக்கு வரக்கூடிய ஆபத்து மிகக் குறைவு.

அடுத்து சுருக்கம். கமிட்டியில் வக்கீல் இருப்பார், மருத்துவமே படிக்காத ஒருவரும் இருப்பார். அவர்களுக்கும் புரியுமா என்ற சோதனைக்கு மாட்டியவர் அலுவலக கிளார்க் அண்ணன். “ப்ரோஃபிலாக்சிஸ்னா என்னம்மா, புது மாத்திரையா?” அறையே சிரிக்கிறது. அந்தச் சொல் போய், ‘கிருமித் தொற்று வராமலிருக்க முன்கூட்டியே போடும் ஊசி’ வருகிறது.

இப்போதுதான் உச்சகட்டம்! ‘அடையாளம் எதுவும் எடுக்க மாட்டோம்’ என்கிறது கடிதம். பின்னால் இணைத்த படிவத்தின் முதல் கட்டமே ஐ.பி. நம்பர்! டாக்டர் தலையில் கைவைக்கிறார். ஆனால் சந்தேகம் வந்தால் ஷீட்டைத் திரும்ப எடுக்க நம்பர் வேண்டுமே? வழி உண்டு. படிவத்தில் 1 முதல் 100 வரை ஆய்வு எண் மட்டும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தனியே, பேராசிரியையின் பூட்டிய பீரோவில். வேலை முடிந்ததும் அழிக்கப்படும். கடிதத்திலும் அதையே ஒளிக்காமல் எழுதுகிறார்கள்.

“தேதி எதுக்கு? எத்தனை நிமிஷ இடைவெளின்னுதானே வேணும்?” தேதிக் கட்டமும் காலி. ‘குறிப்பு’ என்றொரு கட்டம் மிச்சம். அதில் ‘ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தை’ என்று எழுதினால் போதும், பெயரே வேண்டாம், ஊருக்கே ஆள் யாரென்று தெரிந்துவிடும். அதுவும் அவுட்!

பிரின்ட் எடுத்தாச்சு. ஐயோ, கடிதத்தில் பதிப்பு 1.0, படிவத்தின் அடியில் 1.1! மறுபடி பிரின்ட். கையெழுத்துக்காகத் துறைத்தலைவர் தியேட்டரிலிருந்து வெளியே வரும்வரை வாசலில் வேர்க்க விறுவிறுக்கக் காத்திருப்பு.

வரும் வழியில் ரெக்கார்டு ரூம் ஊழியரிடம் டாக்டர் மெல்லக் கேட்டார்: “அண்ணே, சும்மா நாலு ஷீட் மட்டும் பார்த்துக்கட்டுமா?”

“கமிட்டி லெட்டர் வரட்டும் டாக்டரம்மா. அப்புறம் நாலென்ன, நூறும் நானே தூக்கிட்டு வரேன்!”