எழுதியது இருபது, ஏறியது ஐம்பது

டாக்டர் கேஸ் ஷீட்டில் இன்சுலின் 20 யூனிட் என்று எழுதியிருந்தார். சிஸ்டர் சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை மருந்தை இழுத்தார். பக்கத்தில் இருந்த இன்னொரு சிஸ்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரிதான், இருபது" என்றார். நோயாளியின் உடம்பில் ஏறியது 50 யூனிட்.

நர்சிங் இறுதியாண்டு மாணவர்களுக்குப் பயிற்சிக்காகத் தரப்படும் நிகழ்வு இது. ஆளும் வார்டும் கற்பனை. இந்த வகைத் தவறு கற்பனை இல்லை; இந்தியாவில் இன்சுலின் விற்கப்படும் விதத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. மாணவர்கள் இதை எடுத்து, தவறின் வேர் எங்கே என்று தோண்டிப் பார்க்க வேண்டும். மருத்துவமனைகளில் 'ரூட் காஸ் அனாலிசிஸ்' என்று சொல்லப்படும் மூலக்காரண ஆய்வின் சிறிய வடிவம் இது.

கையில் தரப்படுவது ஒரே ஒரு பக்கம். ஆண்கள் பொது மருத்துவ வார்டு, 14-ஆம் கட்டில். 62 வயதுக்காரர், சர்க்கரை நோயால் வந்த கால் புண்ணுக்காகச் சேர்க்கப்பட்டவர். இரவு 7.30-க்கு 30/70 கலவை இன்சுலின் போடப்பட்டது. 8 மணிக்கு இரண்டு இட்லி சாப்பிட்டார். 11.40-க்கு அவர் மகன் நர்ஸ் மேசைக்கு ஓடிவந்து, "அப்பா என்னமோ உளர்றாரு, சட்டையெல்லாம் வேர்வையில நனைஞ்சு கிடக்கு" என்கிறார். குளுக்கோமீட்டர் காட்டியது 38. எழுபதுக்குக் கீழே போனாலே 'லோ சுகர்'. டியூட்டி டாக்டர் வந்து 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லியை நரம்பில் ஏற்றச் சொல்கிறார். சில நிமிடங்களில் பேச்சு தெளிகிறது. ஆனால் 30/70 கலவையில் பெரும்பகுதி மெதுவாக, மணிக்கணக்கில் வேலை செய்யும் இன்சுலின். அதனால் டிரிப்பை நிறுத்தாமல் மணிக்கொரு முறை சர்க்கரை பார்க்கிறார்கள். 3 மணிக்கு மறுபடி 62. காலையில்தான் நிலைமை சீராகிறது.

இதைப் படித்ததும் பெரும்பாலான குழுக்கள் பத்தே நிமிடத்தில் விடை எழுதிவிடும்: சிஸ்டரின் கவனக்குறைவு, அவருக்கு மறுபயிற்சி தர வேண்டும். ஆசிரியை அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மூலக்காரண ஆய்வில் ஒரு விதி உண்டு: மனிதத் தவறு என்று எழுதினால் அதற்கு முன்னால் இருந்த காரணத்தையும் எழுதியாக வேண்டும். கவனக்குறைவு என்பதை முடிவாக எழுதக் கூடாது. கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது. இந்த நிகழ்வில் அந்த விடை பொருந்தவும் இல்லை. இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள், இரண்டு பேருமே கவனமாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

முதல் வேலை நேரவரிசை எழுதுவது. நடந்ததை ஒரு பத்தியிலும், நடந்திருக்க வேண்டியதைப் பக்கத்திலும் எழுதி, இரண்டும் எங்கே பிரிகின்றன என்று பார்க்க வேண்டும். இதற்கு விசாரணை தேவை. ஆசிரியையே சிஸ்டராக நடித்து உட்கார்ந்துகொள்வார். "ஏன் அப்படிச் செஞ்சீங்க?" என்று தொடங்கும் மாணவிக்குக் கிடைப்பது மௌனமும் மன்னிப்பும்தான். "அந்த நேரத்துல உங்க முன்னாடி என்னென்ன இருந்துச்சு, சிஸ்டர்?" என்று கேட்பவளுக்கு விஷயம் வரும்.

"வார்டு இன்சுலின் குப்பி மத்தியானமே தீர்ந்துபோச்சு. இன்டென்ட் போட்டாச்சு, காலையிலதான் வரும்னாங்க. இவரோட சொந்த இன்சுலின் பென் ஃபிரிட்ஜ்ல இருந்துச்சு, அதே 30/70. பென்னுக்கு ஊசி இல்ல, வீட்டுல இருந்து கொண்டுவரல. சாப்பாடு வர்ற நேரம். அதனால பென்னுக்குள்ள இருக்கிற கார்ட்ரிட்ஜ்ல நம்ம சிரிஞ்சைக் குத்தி இருபது எடுத்தேன்."

இங்கேதான் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். இந்தியாவில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு செறிவுகளில் கிடைக்கிறது. சாதாரணமாக வார்டிலும் மருந்துக்கடையிலும் கிடைக்கும் குப்பிகளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பென் கார்ட்ரிட்ஜ்களில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்ச்: நாற்பதுக்குச் சிவப்பு மூடி, நூறுக்கு ஆரஞ்சு மூடி. சிரிஞ்சில் இருக்கும் கோடுகள் யூனிட்டை அளப்பவை போலத் தோன்றினாலும் அவை அளப்பது திரவத்தின் அளவைத்தான். சிவப்பு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு என்பது அரை மில்லி. நாற்பதின் குப்பியில் அரை மில்லிக்கு 20 யூனிட். நூறின் கார்ட்ரிட்ஜில் அதே அரை மில்லிக்கு 50. எழுதியதைப் போல இரண்டரை மடங்கு.

இரண்டாவது சிஸ்டர் சரிபார்த்தும் ஏன் பிடிபடவில்லை என்பது இப்போது விளங்கும். கேஸ் ஷீட்டில் 20, சிரிஞ்சில் 20. எண்ணோடு எண்ணை ஒப்பிட்டால் எத்தனை பேர் பார்த்தாலும் அது சரியாகத்தான் இருக்கும். பிழை எண்ணில் இல்லை, அளவுகோலில் இருக்கிறது. தவறு நடந்த மறுநாளே "இனி இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும்" என்று சுற்றறிக்கை விடும் நிர்வாகங்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இந்தப் பிழை தலைகீழாகவும் நடக்கும், அது இன்னும் தந்திரமானது. நாற்பதின் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை எடுத்தால் வருவது 0.2 மில்லி, அதாவது வெறும் 8 யூனிட். யாருக்கும் மயக்கம் வராது. சர்க்கரை இறங்கவில்லையே என்று டாக்டர் டோஸை ஏற்றிக்கொண்டே போவார். 50 என்று எழுதும்போது உண்மையில் ஏறுவது 20; சர்க்கரையும் கட்டுக்குள் வந்திருக்கும். நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் சரியான சிரிஞ்சில் 50 போட்டுக்கொள்ளும் அன்று விழுவார். வார்டில் நடந்த தவறு வார்டுக்குத் தெரியவே வராது.

அடுத்தது 'ஏன்' என்று அடுக்கிக்கொண்டே போவது. டொயோட்டா தொழிற்சாலையில் வளர்ந்த முறை இது. ஐந்து முறை கேட்கச் சொல்வார்கள், எண்ணிக்கை முக்கியமில்லை. ஒரு குழு இப்படிப் போகும். ஏன் கார்ட்ரிட்ஜில் குத்தினார்? பென் ஊசி இல்லை. ஏன் இல்லை? வார்டு இருப்புப் பட்டியலில் பென் ஊசியே கிடையாது. ஏன்? நோயாளிகள் சொந்த பென் கொண்டுவருவார்கள் என்று பட்டியல் போட்ட காலத்தில் யாரும் நினைக்கவில்லை. சொந்த மருந்தை வார்டில் எப்படிப் பயன்படுத்துவது என்று எழுதிய விதியும் இல்லை.

இன்னொரு குழு வேறு கேள்வியில் தொடங்கும். செறிவு மாறியிருப்பது ஏன் கண்ணில் படவில்லை? டாக்டரின் உத்தரவில் 40-ஆ 100-ஆ என்று இல்லை. அதை எழுத கேஸ் ஷீட்டில் இடமே இல்லை. கார்ட்ரிட்ஜில் அது பொடி எழுத்தில் இருக்கிறது. சிரிஞ்சின் மூடி நிறம்தான் அடையாளம், ஆனால் ஊசி போடும் நேரத்தில் மூடி கழற்றப்பட்டு டிரேயில் கிடக்கிறது.

இரண்டு குழுக்களும் வேறு வேறு இடத்தில் போய் நிற்கின்றன, இரண்டுமே சரி. ஒரே சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போனால் முதல் கேள்வி எதுவோ அதற்கேற்ற விடைதான் கிடைக்கும் என்பது இந்த முறையின் பெரிய பலவீனம். எனவே கிளைகளை எல்லாம் ஒரே தாளில் வரைந்து பார்க்கச் சொல்கிறார்கள். மீன்முள் படம் அதற்காகத்தான். எங்கே நிறுத்துவது? அந்த மருத்துவமனை தன் கையால் மாற்றக்கூடிய ஒன்று வரும் இடத்தில். "நாட்டில் நர்ஸ் பற்றாக்குறை" என்று எழுதினால் உண்மைதான், ஆனால் திங்கட்கிழமை காலையில் யாரும் எதையும் மாற்ற முடியாது.

விசாரணையில் கடைசியாக வெளிவரும் ஒரு தகவலைப் பல குழுக்கள் கேட்காமலே விட்டுவிடும். "இதுக்கு முன்னாடி யாருக்காவது இப்படி ஆகியிருக்கா?" என்று கேட்டால்தான் பதில் வரும்: போன மாதம் வேறொரு சிஸ்டர் இதே போலக் கார்ட்ரிட்ஜில் எடுத்து, போடுவதற்கு முன் சந்தேகப்பட்டுக் கொட்டிவிட்டார். எழுதிக் கொடுக்கவில்லை. எழுதினால் மெமோ வரும். இந்த ஒரு வரியும் மீன்முள்ளில் ஏற வேண்டும். அந்த மெமோ பயம் இல்லாவிட்டால் 14-ஆம் கட்டில்காரருக்கு லோ சுகர் வந்திருக்காது.

பிறகு பரிந்துரைகள். இங்கே மாணவர்கள் எழுதுவதை ஆசிரியை வலுவின்படி பிரிப்பார். பயிற்சி வகுப்பு, சுற்றறிக்கை, சுவரில் எச்சரிக்கைப் பலகை ஆகியவை பலவீனமானவை. மனிதர் நினைவில் வைத்திருந்தால்தான் அவை வேலை செய்யும். இரவு டியூட்டியில் முப்பத்தெட்டு நோயாளிகளுக்கு இரண்டு பேர் என்றால் நினைவு முதலில் தோற்கும். கேஸ் ஷீட்டில் செறிவையும் கருவியையும் எழுத அச்சிட்ட கட்டம் நடுத்தரம். தவறு செய்யவே வழியில்லாமல் ஆக்குவது வலுவானது: வார்டில் பென் ஊசி எப்போதும் இருப்பு, பென் கார்ட்ரிட்ஜில் சிரிஞ்ச் குத்துவதற்கு முழுத் தடை (குத்தினால் உள்ளே காற்று புகுந்து பென்னின் அடுத்தடுத்த டோஸும் கெடும்), வார்டில் ஒரே செறிவுக் குப்பி, அதற்கான சிரிஞ்ச் மட்டும், இரண்டும் ஒரே டிரேயில், குப்பி தீரும் முன்பே இன்டென்ட் போக ஒரு குறைந்தபட்ச இருப்பு.

தடை என்பதும் காகிதத்தில்தானே என்று ஒரு மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் தடை நிற்கும். இல்லாவிட்டால் எந்தத் தடையும் இரவு ஏழரை மணிக்கு மீறப்படும். அதனால்தான் அறிக்கையில் ஒவ்வொரு பரிந்துரைக்கும் எதிரே பொறுப்பாளர், தேதி, அளவை என்று மூன்று பத்திகள் கேட்கிறார்கள். "மூன்று மாதத்துக்கு வாரம் ஒருநாள் அறிவிக்காமல் போய்ப் பென் ஊசி இருப்பை எண்ணுவது" என்பது அளவை. "ஊழியர் விழிப்புணர்வு பெற்றனர்" என்பது அளவை இல்லை.

எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இந்த ஆய்வால் தொட முடியாத ஒன்று இருக்கிறது. பிரிட்டன் 1983-லேயே எல்லா இன்சுலினையும் நூறு என்ற ஒரே செறிவுக்கு மாற்றியது. இரண்டு செறிவு இல்லாத இடத்தில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. நம் நாட்டில் நாற்பதும் நூறும் அருகருகே விற்பனையாகும்வரை ஒரு வார்டு தன் வாசலை மட்டும்தான் அடைக்க முடியும்.

வீடுகளிலும் இதே இரண்டு செறிவுகள்தான் இருக்கின்றன. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் இன்றே குப்பியை எடுத்து, 40 IU/mL என்று இருக்கிறதா 100 IU/mL என்று இருக்கிறதா எனப் பாருங்கள். சிரிஞ்சின் உடலிலும் அதே எண் இருக்க வேண்டும். மூடியின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், மூடி மாறிப்போகும். மருந்துக்கடையில் சிரிஞ்ச் வாங்கும்போது குப்பியையும் கையில் கொண்டுபோங்கள். மருத்துவமனையில் சேரும்போது பென் எடுத்துச் சென்றால், அதற்கான ஊசியையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.