கட்டம் மாறிய எண்கள்

அச்சிட்ட அட்டவணையில் ஒரு எண்ணுக்குப் பொருள் தருவது அது நிற்கும் இடம். 3,49,17,440 என்பது தனியே நின்றால் வெறும் எண். ‘நகரம்’ என்ற வரிசையும் ‘மொத்த மக்கள்’ என்ற நெடுவரிசையும் சந்திக்கும் கட்டத்தில் நின்றால், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு நகர்ப்புறங்களில் வசித்தவர்களின் தொகை. அப்படிப்பட்ட ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்து ஓசிஆர் மென்பொருளிடம் கொடுத்தால், எழுத்துகளையும் எண்களையும் அது பெரும்பாலும் சரியாகவே படித்துவிடும். இடத்தைத்தான் தொலைத்துவிடும். இந்த மென்பொருள்கள் இடமிருந்து வலமாக ஓடும் உரையை எதிர்பார்ப்பவை. இரண்டு கட்டங்களுக்கு நடுவே விரல் அகலத்துக்கு இடம் விட்டிருந்தாலும், வெளிவரும் உரையில் அது சொற்களுக்கு இடையில் வரும் ஒற்றை இடைவெளியாகச் சுருங்கிவிடுகிறது.

மேற்சொன்ன கணக்கெடுப்பின் மூன்றே வரிசை கொண்ட சிறு அட்டவணை ஓசிஆரிலிருந்து இப்படி வெளிவரும். பெயருக்கு அடுத்து வருபவை முறையே மொத்த மக்கள், ஆண்கள், பெண்கள்.

```
மொத்தம் 7,21,47,030 3,61,37,975 3,60,09,055
ஊரகம் 3,72,29,590 1,86,79,065 1,85,50,525
நகரம் 3,49,17,440 1,74,58,910 1,74,58,530
```

இதை இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டி எக்செல் தாளில் ஒட்டினால் வேலை முடிந்துவிட்டதுபோல் தோன்றும். இந்த மூன்று வரிசைக்கு முடிந்தும்விடும். ஆனால் ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால், அதற்கு அடுத்த எண் ஓசைப்படாமல் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்து, பெண்களின் தொகை ஆண்களின் கணக்கில் ஏறிவிடும். ஊர்ப்பெயரில் இரண்டு சொற்கள் இருந்தால் எல்லாமே ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளிப்போகும். ஆகவே வெறும் உரையிலிருந்து அட்டவணையை மீட்கப் பார்ப்பது வீண் உழைப்பு. ஒவ்வொரு சொல்லும் பக்கத்தில் எங்கே இருந்தது என்ற விவரத்தையும் மென்பொருளிடமிருந்து சேர்த்தே வாங்கவேண்டும்.

பெரும்பாலான ஓசிஆர் மென்பொருள்கள் இதைத் தரும். கட்டணமில்லாமல் கிடைக்கும் டெசரக்டில் கட்டளையின் முடிவில் `tsv` என்று சேர்த்தால் போதும்.

```
tesseract page.png out -l tam+eng --psm 6 tsv
```

இதிலுள்ள `--psm 6` என்பது பக்கம் முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொள்ளச் சொல்கிறது. இல்லாவிட்டால் ஒவ்வொரு நெடுவரிசையையும் செய்தித்தாள் பத்தி என்று எண்ணி, மேலிருந்து கீழாகத் தனித்தனியே படித்துவிடக்கூடும். கிடைக்கும் கோப்பில் ஒரு சொல்லுக்கு ஒரு வரி இருக்கும். நகரம் என்ற வரிசையின் முதல் மூன்று கட்டங்கள், 300 டிபிஐ ஸ்கேனில், ஏறத்தாழ இப்படி அமையும் (கோப்பின் கடைசி ஆறு நெடுவரிசைகள் மட்டும் இங்கே).

```
left  top  width  height  conf  text
212   640  170    48      91    நகரம்
812   652  198    34      93    3,49,17,440
1214  653  83     34      88    1,74,
1305  653  115    34      90    58,910
```

முதல் நான்கும் சொல்லைச் சூழ்ந்த பெட்டியின் அளவுகள், பிக்சல் கணக்கில். `conf` என்பது தன் வாசிப்பில் மென்பொருளுக்கு உள்ள நம்பிக்கை. ஆண்களின் தொகை இரண்டு துண்டாக உடைந்திருப்பதைக் கவனிக்கலாம். அச்சில் காற்புள்ளிக்குப் பின் இருந்த சற்றுக் கூடுதலான இடைவெளி, மென்பொருளின் கண்ணில் சொல் முடிவாகப் பட்டிருக்கிறது. முதல் துண்டு 1297இல் முடிகிறது, அடுத்தது 1305இல் தொடங்குகிறது. நடுவே 8 பிக்சல்தான். உண்மையான இரண்டு கட்டங்களுக்கு நடுவிலோ 200 பிக்சலுக்கு மேல் இருக்கிறது. எனவே ஓர் இலக்கத்தின் அகலத்தைவிடக் குறுகிய இடைவெளி எங்கு வந்தாலும் அது ஒரே எண்ணின் துண்டுகள் என்று சேர்த்துவிடலாம். இடைவெளியின் அளவு தெரியாமல், உரையை மட்டும் வைத்துக்கொண்டு, இந்த முடிவை எடுக்க முடியாது.

அடுத்தது வரிசைகளைப் பிரிப்பது. ஒரே உயரத்தில் உள்ள சொற்கள் ஒரே வரிசை என்பது விதி. அதைக் கெடுப்பது பக்கத்தின் சாய்வு. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத 1 பாகைச் சாய்வில், 1600 பிக்சல் வலப்பக்கம் போவதற்குள் உயரம் 28 பிக்சல் மாறிவிடுகிறது. மேலே கண்ட அச்சில் வரிக்கு வரி சுமார் 50 பிக்சல் தூரம் என்று கொண்டால், அதில் பாதி 25. ஆக, கடைசி நெடுவரிசையில் உள்ள எண் தன் சொந்த வரிசையைவிட அண்டை வரிசைக்கே நெருக்கமாகிவிடும். அரைப் பாகைச் சாய்வு என்றால் 14 பிக்சல்தான், பிழை நேராது. சாய்வை அளப்பது கடினமல்ல. ஒரே வரிசையைச் சேர்ந்தவை என்று உறுதியாகத் தெரிந்த இரண்டு எண்களின் உயர வேறுபாட்டை அவற்றின் கிடைத்தூரத்தால் வகுத்தால் சரிவு கிடைக்கும். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும்,

```
y = top + height/2 - slope * left
```

என்று புதிய உயரத்தைக் கணக்கிட்டு அதன்படி வரிசை பிரிக்கவேண்டும். தமிழில் இன்னொரு சிறு சிக்கல் உண்டு. புள்ளியும் இகரக் கொம்பும் பெட்டியை மேலே உயர்த்துகின்றன, உகரச் சுழி கீழே இறக்குகிறது. அதனால் ஊர்ப்பெயரின் நடுப்புள்ளி, அதே வரிசையில் உள்ள எண்ணின் நடுப்புள்ளியோடு துல்லியமாக ஒத்துப்போகாது. எண்களை வைத்தே வரிசைகளை அமைத்துவிட்டு, பெயர்களை அருகிலுள்ள வரிசையில் பிறகு சேர்ப்பது பாதுகாப்பு.

தடித்த புத்தகத்தை விரித்து ஸ்கேன் செய்த பக்கங்களுக்கு ஒற்றைச் சரிவு போதாது. தையல் ஓரத்தில் வரிகள் வளைந்துபோகும். அங்கே பக்கத்தின் இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு ஒரே தாவலாகப் போகாமல், ஒரு நெடுவரிசையிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று படிப்படியாக இணைத்துப் போகவேண்டும். பக்கத்து நெடுவரிசைக்குள் வளைவு பெரிதாக மாறுவதில்லை.

நெடுவரிசையைக் கண்டுபிடிக்க இடது ஓரத்தைப் பார்ப்பதே பலருடைய முதல் எண்ணம். பெயர்களுக்கு அது சரி. எண்கள் அச்சில் வலது ஓரத்தில் ஒன்று சேர்பவை: ஓர் ஊரில் 95 பேரும் அடுத்த ஊரில் 12,340 பேரும் இருந்தால், இரண்டின் இடது ஓரங்களும் எங்கெங்கோ இருக்கும், கடைசி இலக்கங்கள் ஒரே கோட்டில் நிற்கும். `left`, `width` இரண்டையும் கூட்டினால் அந்தக் கோடு கிடைக்கும். மேலே உள்ள மாதிரியில் மொத்த மக்களுக்கு அது 1010, ஆண்களுக்கு 1420. பக்கம் முழுவதிலும் உள்ள வலது ஓரங்களை வரிசைப்படுத்தினால் அவை சில இடங்களில் கூட்டம் கூட்டமாகக் குவிந்திருக்கும். ஒவ்வொரு குவியலும் ஒரு நெடுவரிசை. ஒரு வரிசையில் 1420க்கு அருகே எதுவுமே இல்லையென்றால் அந்தக் கட்டம் காலி. காலியாகவே இருக்கும், அடுத்த எண் அதில் வந்து உட்காராது. அந்த இடத்தில் பூஜ்யத்தை இட்டு நிரப்பும் பழக்கம் தவறானது. அச்சில் சிறுகோடு இருந்து ஓசிஆர் அதைத் தவறவிட்டிருக்கலாம். விவரம் கிடைக்கவில்லை என்று உண்மையிலேயே காலியாக விட்டிருக்கலாம். படத்தைப் பார்க்காமல் இரண்டில் எது என்று சொல்ல முடியாது.

நீண்ட பெயர் இரண்டு வரிக்கு மடங்கும்போது, பெயர் மட்டும் இருந்து எண்ணே இல்லாத வரிசை ஒன்று முளைக்கும். அதை மேலே சேர்ப்பதா கீழே சேர்ப்பதா என்பது அச்சகத்தின் வழக்கத்தைப் பொறுத்தது. ஒரு புத்தகத்தில் இரண்டு மூன்று இடங்களைப் பார்த்தால் வழக்கம் பிடிபட்டுவிடும்.

எழுத்துப் பிழைகளைத் திருத்துவது இதற்கெல்லாம் பிறகுதான். முதலிலேயே செய்ய ஆசை எழும், செய்யக்கூடாது. ஆங்கில அட்டவணைகளில் `O` என்று வந்ததை 0 ஆகவும், `l` என்று வந்ததை 1 ஆகவும், `S` என்று வந்ததை 5 ஆகவும் மாற்றுவது எண் நெடுவரிசைக்குள் மட்டுமே சரி. அதே திருத்தம் பெயர்களின் மேல் பாய்ந்தால் ஊர்கள் சிதைந்துபோகும். எது எண் நெடுவரிசை என்று தெரிவதற்கு முன்னால் இந்தத் திருத்தத்தைப் பாதுகாப்பாகச் செய்யவே வழியில்லை. எண் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, இலக்கங்களையும் காற்புள்ளியையும் தவிர வேறெதையும் ஏற்காதே என்று கட்டுப்படுத்தி மறுபடி படிக்கவைப்பதும் உண்டு. பலன் நன்றாகவே இருக்கும். ஆனால் சிறுகோடு உள்ள கட்டத்திலும் அது ஏதாவது ஓர் இலக்கத்தைக் கற்பித்துவிடலாம்.

இனிக் கூட்டல் சோதனை. ஆண்களும் பெண்களும் சேர்ந்தால் மொத்தம் வரவேண்டும். ஊரகமும் நகரமும் சேர்ந்தால் முதல் வரிசை வரவேண்டும். குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் இந்த இரண்டு கூட்டல்களும் பிழை இருக்கிறது என்பதோடு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகின்றன. நகரத்து ஆண்கள் 1,74,58,910 என்பதை ஓசிஆர் 1,74,53,910 என்று படித்ததாகக் கொள்வோம். நகர வரிசையில் 5,000 குறையும். ஆண்கள் நெடுவரிசையிலும் அதே 5,000 குறையும். இரண்டும் வெட்டும் கட்டத்தில் ஆயிரமாம் இலக்கம் தவறு என்று படத்தைத் திறக்காமலே தெரிந்துவிடும். அட்டவணையின் செங்குத்துக் கோடு எண்ணோடு ஒட்டிக்கொண்டு 1 ஆகிவிட்டால், ஊரகத்தின் 3,72,29,590 என்பது 13,72,29,590 ஆகிவிடும். வேறுபாடு சுத்தமாக 10 கோடி. இப்படி 1க்குப் பின் பூஜ்யங்களாகவே வரும் பெரிய வேறுபாடு கண்ணில் பட்டால் முதலில் கோட்டைத்தான் சந்தேகிக்கவேண்டும்.

எண்கள் சரியாக இருந்து கட்டம் மட்டும் மாறியிருந்தால் அடையாளம் வேறு. நகர வரிசையில் ஆண், பெண் தொகைகள் இடம் மாறிவிட்டன என்று கொண்டால், வரிசைக் கூட்டல் எதையும் காட்டிக்கொடுக்காது. எதை முதலில் கூட்டினாலும் விடை ஒன்றுதானே. நெடுவரிசைக் கூட்டலில் மட்டும் ஆண்களில் 380 குறையும், பெண்களில் 380 கூடும். அளவில் சமமாகவும் குறியில் எதிராகவும் இரண்டு வேறுபாடுகள் வந்தால் அது இடமாற்றம். எண்களைத் திருத்தப் போகக்கூடாது.

இந்தச் சோதனைக்கு ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. ஊரகத்தின் எண்கள் முழுவதும் நகரத்தின் பெயருக்கும், நகரத்தின் எண்கள் ஊரகத்தின் பெயருக்கும் போய்விட்டால், குறுக்கே கூட்டினாலும் நெடுக்கே கூட்டினாலும் விடை சரியாகவே வரும். சாய்ந்த பக்கங்களில் பெயர்களெல்லாம் ஒரு வரிசை நழுவும்போது நடப்பது இதுதான். கூட்டல் சரியாக இருப்பதாலேயே இந்தப் பிழை நீண்டகாலம் ஒளிந்திருக்கும். இதைப் பிடிக்க, எண்களைத் தவிர வேறொரு பிடி வேண்டும். வரிசை எண் அச்சிடப்பட்டிருந்தால் அதையும் ஒரு நெடுவரிசையாகவே மீட்டு, இடையில் விடுபடாமல் போகிறதா என்று பார்க்கலாம். அது இல்லாத பக்கங்களில் முதல் வரிசை, கடைசி வரிசை, நடுவில் பெயர் மடங்கிய இடங்கள் ஆகியவற்றைப் படத்தோடு கண்ணால் ஒப்பிடவேண்டும். நழுவல் தொடங்கினால் அடுத்தடுத்த வரிசைகளிலும் தொடரும் என்பதால் கடைசி வரிசையில் அது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எல்லாம் சரிபார்த்த பின்னும் சில பழைய அட்டவணைகளில் கூட்டல் ஒத்துவராது. படத்தில் ஒவ்வோர் இலக்கமும் தெளிவாக இருந்தும் கணக்கு இடித்தால், பிழை அச்சுக் கோத்தவருடையதோ கணக்கெழுதியவருடையதோ ஆகலாம். அப்போது எண்ணை அச்சில் உள்ளபடியே விட்டு, வேறுபாட்டைப் பக்கத்தில் தனி நெடுவரிசையில் குறித்துவைப்பதே முறை.