அணித்தலைமையும் வழித்துணையும்

தில்லியில் நம் பிள்ளைகள் பலர் பயிலும் மேல்நிலைப் பள்ளி ஒன்றின் மைதானத்தில், சில ஆண்டுகளுக்கு முன் மாணவியருக்கான மண்டலக் கோ-கோ ஆட்டம் ஒன்றைக் காணச் சென்றிருந்தேன். நடுவர் நாணயத்தைச் சுண்டினார். நம் பள்ளி அணித்தலைவி வென்றாள். "முதலில் விரட்டுகிறாயா, ஓடுகிறாயா?" என்று நடுவர் கேட்டார். அப்பெண் விடை கூறவில்லை. திரும்பி, எல்லைக்கோட்டுக்கு அப்பால் நின்ற பயிற்சி ஆசிரியரைப் பார்த்தாள். அவர் விரலை அசைத்த பின்னரே, "விரட்டுகிறோம்" என்றாள். அன்று அவ்வணிக்குத் தலைவர் இருவரா, ஒருவரா, அல்லது ஒருவருமே இல்லையா என்ற ஐயம் எனக்கு எழுந்தது.

பள்ளிகளில் அணித்தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை நாம் அறிவோம். நன்றாக ஆடுகின்ற மாணவனை அழைத்துப் பலரறியச் சட்டையில் பட்டையைக் குத்திவிடுகின்றனர். தலைமை தாங்குவது எப்படி என்று அதன்பின் அவனுக்குச் சொல்லித்தருவார் இலர். இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஆய்வாளர் சிலர் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்றில், உயர்நிலைப் பள்ளிகளில் முன்னர் அணித்தலைவர்களாய் இருந்த 13 பேரை நேர்கண்டு வினவினர். அப்பொறுப்புக்கென்று தங்களைப் பழக்கியவர் எவருமில்லை என்பதே பெரும்பாலோர் கூறிய விடையாக இருந்தது.

மேற்சொன்ன பள்ளியில் அடுத்த ஆண்டு ஒரு சிறு திட்டம் தொடங்கினர். ஒவ்வோர் அணித்தலைவருக்கும் ஒரு வழித்துணைவர் அமர்த்தப்பட்டார். அவர் அவ்வணியின் பயிற்சி ஆசிரியராய் இருத்தலாகாது என்பது முதல் விதி. அணியில் யார் ஆடுவது என்று முடிவு செய்யும் உரிமை உடையவரிடம் மாணவர் தம் தடுமாற்றத்தை மனம்விட்டுக் கூறமாட்டார் அல்லவா? எட்டு அணித்தலைவர்களுக்கு நால்வர் வேண்டியிருந்தனர். ஆசிரியர் மூவர் முன்வந்தனர். பணி ஓய்வு பெற்றிருந்த நான் நான்காமவனாகச் சேர்ந்தேன்.

ஏப்ரலில் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே அணித்தலைவர், பயிற்சி ஆசிரியர், வழித்துணைவர் ஆகிய மூவரும் அமர்ந்து ஒரு தாளில் மூன்று பத்திகள் வரைவோம். பயிற்சி ஆசிரியர் மட்டுமே முடிவு செய்பவை முதற்பத்தியில் வரும்; அணிக்கு ஆட்களைத் தேர்தலும், காயமுற்றவரை நிறுத்துதலும் அங்கே அடங்கும். இருவரும் கலந்து முடிவு செய்பவை இரண்டாம் பத்தியில் வரும். தலைவர் தாமே முடிவு செய்பவை மூன்றாம் பத்தியில் வரும். அம்மூன்றாம் பத்தி வெறுமையாக இருந்தால் அங்கே தலைவர் என்று ஒருவர் இல்லை. கோ-கோ அணிக்கு அப்பத்தியில் மூன்று முடிவுகள் எழுதினோம்: டாஸில் வென்றால் எதைத் தேர்வது, ஓடுவோரை எவ்வரிசையில் இறக்குவது, பயிற்சியின் முதற் கால் மணி நேரத்தை எப்படி நடத்துவது என்பன அவை. முடிவு தவறாகிவிட்டாலும் ஆட்டத்தின் நடுவே குறுக்கிடுவதில்லை என்று பயிற்சி ஆசிரியர் அத்தாளிலேயே கையெழுத்திட்டார். அவருக்கு அஃது எளிதாய் இருக்கவில்லை.

பின்னர் வாரந்தோறும் திங்கட்கிழமை 20 நிமிடம் தலைவரும் வழித்துணைவரும் சந்திப்பர். தலைவரிடம் ஒரு குறிப்பேடு இருக்கும். இவ்வாரம் நான் எடுத்த முடிவு யாது, அதனால் விளைந்தது யாது, மீண்டும் அதே நிலை வந்தால் என்ன செய்வேன் என்னும் மூன்று வினாக்களுக்கு அதில் விடை எழுதி வருதல் வேண்டும். திட்டம் இவ்வளவே.

இது நடைமுறையில் எவ்வாறு இயங்கிற்று என்பதற்கு, என் பொறுப்பில் இருந்த பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கதையைக் கூறுகிறேன். அவள் நம் தமிழ்க் குடும்பத்துப் பெண், கோ-கோ அணித்தலைவி.

பள்ளிகளில் நெடுங்காலமாக ஆடப்பெறும் முறையில் ஒவ்வோர் அணியிலும் ஒன்பதின்மர் களம் காண்பர். ஓடும் அணியினர் மூவர் மூவராக இறங்குவர். ஒரு மூவர் வீழ்ந்ததும் அடுத்த மூவர் உள்ளே வரவேண்டும். எந்த மூவர் முதலில், எவர் பின்னர் என்ற வரிசையை ஆட்டத்துக்கு முன்பே குறிப்பாளரிடம் பதிவு செய்துவிட வேண்டும். ஒரு சுற்று ஒன்பது நிமிடம். வீழும் ஒவ்வொருவருக்கும் எதிரணிக்கு ஒரு புள்ளி. ஒன்பதின்மரும் வீழ்ந்தால் முதல் மூவர் களைப்போடு மீண்டும் இறங்க நேரிடும்.

நம் தலைவி, தன்னையும் தன் உயிர்த்தோழியையும் மற்றொரு சிறந்த ஆட்டக்காரியையும் முதல் மூவராக வைத்திருந்தாள். ஒன்பதாம் வகுப்புச் சிறுமியர் மூவரைக் கடைசியில் தள்ளியிருந்தாள். பயிற்சி ஆட்டங்களில் எதிரணி 11 புள்ளிகள் வரை எடுத்தது. சிறுமியருள் ஒருத்தி பயிற்சிக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். ஜூலை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் தலைவி குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு, "சார், எனக்கு இந்தத் தலைமை வேண்டாம். நான் சொன்னால் யாரும் கேட்பதில்லை. நான் வெறுமனே ஆடிவிட்டுப் போகிறேன்" என்றாள்.

வரிசையில் உள்ள குறை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதைச் சொல்லிவிட நா துடித்தது. சொல்லியிருந்தால் அடுத்த ஆட்டத்தில் அவள் என்னைத் திரும்பிப் பார்த்திருப்பாள். பயிற்சி ஆசிரியரின் விரலுக்குப் பதிலாக என் விரல் அசைந்திருக்கும். ஆகவே, "எந்த மூவர் எவ்வளவு நேரம் நிற்கின்றனர் என்று உனக்குத் தெரியுமா, அம்மா?" என்று மட்டும் கேட்டேன். தெரியவில்லை. வராமல் நின்றுவிட்ட அச்சிறுமியை அவளே வீடு தேடிச் சென்று அழைத்து வந்து, கையில் நிறுத்துக் கடிகாரத்தைக் கொடுத்து, மூன்று சனிக்கிழமைகள் கணக்கெடுக்கச் செய்தாள். முதல் மூவர் ஏறத்தாழ 4 நிமிடம், இரண்டாம் மூவர் ஒன்றரை நிமிடம், கடைசி மூவர் ஒரு நிமிடம். ஆறரை நிமிடத்தில் அணி முழுதும் வீழ்ந்து, எஞ்சிய நேரத்தில் களைத்தவர்களே மீண்டும் ஓடினர்.

எண்களைக் கண்டதும் விடையை அவளே கண்டாள். ஒவ்வொரு மூவரிலும் ஒரு தேர்ந்த ஆட்டக்காரி இருக்க வேண்டும். உயிர்த்தோழி மூன்றாம் மூவருக்குச் செல்ல வேண்டும். ஆனால் அதைத் தோழியிடம் எப்படிச் சொல்வது? இரு வாரம் தயங்கினாள். வரிசையைக் கண்டுபிடிப்பதைவிட அதைச் சொல்வதே தலைமையின் கடினமான பகுதி. ஒரு திங்களன்று நான் அத்தோழியாக நடித்தேன். "என்னை ஒதுக்குகிறாயா?" என்று சினந்தேன். முதல் முறை தலைவி, "ஆசிரியர்தான் சொன்னார்" என்று தப்பப் பார்த்தாள். இரண்டாம் முறை மன்னிப்புக் கேட்டாள். மூன்றாம் முறைதான், "இது என் முடிவு. இதோ கணக்கு. கடைசி மூவருக்குச் சங்கிலி ஓட்டம் தெரியவில்லை, உன்னைப்போல் அதைச் சொல்லித்தர வேறு எவரும் இல்லை" என்றாள். உட்கார்ந்திருப்போர் இடையே வளைந்து வளைந்து ஓடுவதையே சங்கிலி ஓட்டம் என்பர்.

மறுநாள், வரிசையைப் பலகையில் எழுதுவதற்கு முன், தோழியைத் தனியே அழைத்துச் சொன்னாள். தோழி ஒரு வாரம் பேசவில்லை. பின்னர் மைதானத்தின் ஓரத்தில் சிறுமியர் இருவருக்குச் சங்கிலி ஓட்டம் கற்பித்துக்கொண்டிருந்தாள். செப்டம்பருக்குள் மூன்று மூவரும் முறையே 3 நிமிடம், இரண்டே முக்கால் நிமிடம், இரண்டரை நிமிடம் நின்றனர். எதிரணிக்குப் போகும் புள்ளிகள் 9ஆகக் குறைந்தன. மண்டலப் போட்டியின் அரையிறுதியில் நம் பெண்கள் ஒரு புள்ளியில் தோற்றனர். அதை மறைத்துக் கூற வேண்டியதில்லை. ஆனால் அன்று நாணயம் சுண்டப்பட்டபோது தலைவி எவரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

விளையாட்டுத் தலைமையை ஆராய்ந்தோருள் நம் நாட்டிலிருந்து கனடா சென்ற பாக்கியநாதன் செல்லத்துரை குறிப்பிடத்தக்கவர். பயிற்சியாளரின் நடத்தையை அளக்க 1980இல் அவர் மற்றொருவருடன் சேர்ந்து 40 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை அமைத்தார். கற்பித்தல், கலந்து முடிவெடுத்தல், தானே முடிவெடுத்தல், உற்றுழி ஆதரவு தருதல், பாராட்டுதல் என ஐந்து கூறுகளை அது காட்டுகிறது. இவற்றுள் ஒன்றே சிறந்தது என்று கொள்ளாமல், சூழலுக்கும் அணியினர் விருப்பத்துக்கும் ஏற்ற நடத்தையே பயன் தரும் என்பது அவர் கொள்கை. நம் தலைவியிடமும் இதனைக் கண்டேன். கணக்கெடுப்பதில் எல்லோரையும் சேர்த்துக்கொண்டாள். வரிசையைத் தானே முடிவு செய்தாள். தோழியின் மனக்குறைக்கு நேரம் தந்தாள்.

இத்திட்டம் கெட்டுப்போவதும் உண்டு. வழித்துணைவரே இரண்டாம் பயிற்சியாளர் ஆகிவிடுவது முதற் கேடு. அந்த 20 நிமிடத்தில் பேசுபவர் யார் என்று பார்த்தால் தெரிந்துவிடும். பாதிக்கு மேல் நான் பேசிய வாரங்களில் குறிப்பேட்டில் என் சொற்களே எழுதப்பட்டு வந்தன. தலைவர் ஆசிரியரின் ஒற்றராக மாறுவது இரண்டாம் கேடு. யார் தாமதித்தார், யார் புறங்கூறினார் என்று அவரிடம் கேட்கத் தொடங்கினால், அவர் அருகில் வந்ததும் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுவர். அதுவே அடையாளம். மூன்றாம் பத்தியில் எழுதியதைப் பயிற்சி ஆசிரியர் ஆட்டத்தின் நடுவே பறித்துக்கொள்வது மூன்றாம் கேடு. ஓர் அணியில் அவ்வாறு இருமுறை நடந்தது. அத்தலைவனுடைய குறிப்பேடு அதன்பின் வெறுமையாகவே வந்தது. அங்கே திட்டத்தை நிறுத்திவிட நேர்ந்தது.

பன்னிரண்டாம் வகுப்பில் அரசுத் தேர்வு வருவதால், தலைமையைப் பதினோராம் வகுப்பினருக்கும் துணைத்தலைமையைப் பத்தாம் வகுப்பினருக்கும் தருகின்றனர். நம் தலைவி மறு ஆண்டு மாதம் ஒருமுறை மைதானத்துக்கு வந்து துணைத்தலைவியோடு அமர்ந்து பேசினாள். அந்தத் துணைத்தலைவி, கடிகாரம் பிடித்த அதே சிறுமிதான்.

பெற்றோர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பிள்ளை மைதானத்திலிருந்து வீடு திரும்பியதும், "வென்றாயா?" என்று கேட்பது நம் வழக்கம். ஒரு நாள், "இன்று நீ என்ன முடிவு செய்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். "ஒன்றுமில்லை, சார் சொன்னதைச் செய்தேன்" என்று பல வாரம் தொடர்ந்து விடை வருமாயின், பள்ளிக்குச் சென்று அப்பயிற்சி ஆசிரியரோடு ஒருமுறை பேசுவது நன்று.