இரண்டு மண்டபம், ஐந்து நிமிடப் பேச்சு

கல்லூரி ஆண்டு விழாவை எந்த மண்டபத்தில் வைப்பது என்று முடிவெடுக்கும் கூட்டம் பெரும்பாலும் இரைச்சலில்தான் முடிகிறது. ஏசி வேண்டும் என்று ஒரு கோஷ்டி, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வேண்டும் என்று இன்னொரு கோஷ்டி. நடுவில் எழுந்து ஒன்றைப் பரிந்துரைக்க வேண்டியவர் மாணவர் பேரவைச் செயலாளர். பிடித்த மண்டபத்தைப் புகழ்ந்து தள்ளினால் நண்பர்கள் கைதட்டுவார்கள். காசோலையில் கையெழுத்துப் போட வேண்டிய முதல்வரும் துறைத் தலைவர்களும் அசைய மாட்டார்கள்.

ஒரு நடுத்தர ஊரிலுள்ள கலை அறிவியல் கல்லூரி என்று வைத்துக்கொள்வோம். விழாவுக்கு 900 பேர் வருவார்கள் என்று எதிர்பார்ப்பு. ஊருக்குள் ஒரு பழைய கல்யாண மண்டபம்: 1,000 நாற்காலி, மின்விசிறி மட்டும், வாடகை 60,000 ரூபாய். புறவழிச்சாலையில் ஒரு புதிய அரங்கு: 700 இருக்கை, ஏசி, வாடகை 90,000. மாணவர்களில் பாதிக்கு மேல் புதியதன் பக்கம். செயலாளரான மாணவி பழைய மண்டபத்தைப் பரிந்துரைக்கப் போகிறார். சிரமமான வேலைதான்.

அவர் முதலில் எந்த மண்டபத்தின் பெயரையும் சொல்லவில்லை. "முதல்வர் அவர்களே, துறைத் தலைவர்களே, நண்பர்களே, நமக்கு வேண்டியது மூன்று. வருகிறவர்கள் எல்லாருக்கும் உட்கார இடம். பதினாறு பேர் ஆடுகிற மேடை. ராத்திரி எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேர வழி. இந்த மூன்றில் யாருக்காவது மறுப்பு உண்டா?" என்று கேட்கிறார். யாரும் மறுக்க முடியாது. அளவுகோலை முதலில் ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு, பிறகுதான் மண்டபங்களை அதில் வைத்து அளக்கிறார். பெயரை முதலில் சொல்லியிருந்தால், அடுத்து வரும் ஒவ்வொரு காரணமும் சாக்குப்போக்கு மாதிரி தெரிந்திருக்கும்.

அளந்தால் என்ன தெரிகிறது? புதிய அரங்கில் 200 பேர் நிற்க வேண்டும். அது கருத்தரங்குக்காகக் கட்டியது. மேடை அகலமாக இருந்தாலும் ஆழம் 10 அடிதான், இரண்டு வரிசையாக ஆடினால் முன்வரிசையின் முதுகில் பின்வரிசை இடிக்கும். பழைய மண்டபத்தின் மேடை ஆழம் 20 அடி. அதோடு மணமகன் அறை, மணமகள் அறை என்று மேடைக்குப் பின்னாலேயே இரண்டு அறைகள். ஒப்பனைக்கும் உடை மாற்றவும் வேறென்ன வேண்டும்? இந்த எண்களை மண்டபத்தின் விளம்பரத் தாளிலிருந்து எடுக்கக் கூடாது. மாணவியும் நடனக் குழுவில் ஒருவரும் டேப் எடுத்துக்கொண்டு போய் அளந்தவை இவை. "நாங்களே அளந்தோம்" என்று பேச்சில் சொல்ல முடிவதற்கு ஒரு தனி எடை உண்டு.

பிறகு பணம். பலர் சறுக்குவது இங்கேதான். வாடகை மீது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் பழையது 70,800, புதியது 1,06,200. வித்தியாசம் 35,400 ரூபாய் என்று முழங்கிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் புதிய அரங்கின் வாடகையில் ஒலி, ஒளி, ஜெனரேட்டர் எல்லாம் அடக்கம். பழையதில் மைக்செட்டுக்கும் விளக்குக்கும் 35,000, ஜெனரேட்டர் டீசலுக்கு 12,000, வாடகைக்கு ஏர் கூலர் எடுக்க 10,000. மொத்தம் 1,27,800 ஆகிவிடுகிறது. புதியதற்கு ஊரிலிருந்து ஆள் ஏற்றி இறக்க ஆறு பஸ், பஸ்ஸுக்கு 6,000. மொத்தம் 1,42,200. உண்மையான வித்தியாசம் 14,400 மட்டுமே. மாணவி இதை அப்படியே சொல்கிறார்: "பணத்தில் பெரிய லாபம் இல்லை. அதற்காக இதை நான் கேட்கவில்லை." பொருளாளர் தோண்டி எடுக்கவிருந்ததை அவரே எடுத்து வைத்துவிட்டதால் மற்ற கணக்குகளையும் சபை நம்பத் தொடங்குகிறது.

மூன்றாவது அளவுகோலுக்குத்தான் மாணவர்கள் அதிகம் கவனம் கொடுப்பதில்லை. 2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் விழாவில் இசை நிகழ்ச்சி தொடங்கும் நேரத்தில் திடீர் மழை. வெளியே நின்ற கூட்டம் ஒரே வாசல் வழியாகத் திறந்தவெளி அரங்குக்குள் நெருக்கியடித்து நுழைய, உள்ளே இறங்கும் படிகளில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். 4 பேர் இறந்தார்கள். அதற்கும் முன்பு, 1995 டிசம்பர் 23 அன்று ஹரியாணாவின் டப்வாலியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த பள்ளி ஆண்டு விழாவில் பந்தல் தீப்பிடித்தது. வெளியேறும் வழி போதாமல் 400க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள்.

இதைச் சொல்லிப் பயமுறுத்துவது எளிது. பயமுறுத்திவிட்டு ஆதாரம் தராமல் நகர்வதுதான் தவறு. மாணவி வேறொரு நிகழ்ச்சி நடந்த அன்று இரண்டு இடங்களுக்கும் போய், முடிகிற நேரத்தில் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். புதிய அரங்கின் இரண்டு பெரிய கதவுகளும் ஒரே வரவேற்பு கூடத்தில் திறக்கின்றன. அந்தக் கூடத்துக்கு வெளிவாசல் ஒன்று. கதவு இரண்டு என்றாலும் வழி ஒன்றுதான். பழையதில் பக்கவாட்டில் நான்கு கதவுகள் நேரே தெருவுக்கும் சந்துக்கும் போகின்றன. ஆனால் அவற்றில் இரண்டின் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கிக் கிடக்கின்றன, துருப்பிடித்த பூட்டு, சாவி மேனேஜர் வீட்டில். இதையும் மறைக்கவில்லை: "அந்த இரண்டு கதவையும் திறந்து காட்டிய பிறகுதான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்." பரிந்துரைக்கும் இடத்தின் குறையை நிபந்தனையாக மாற்றியது இந்தப் பேச்சிலேயே கெட்டிக்காரத்தனமான இடம்.

தோற்கும் தரப்பையும் அவர் விட்டுவிடவில்லை. முதலாமாண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "அக்கா, ஏப்ரல்ல ஏசி இல்லாம எப்படி?" என்கிறாள். "வெக்கை இருக்கத்தான் செய்யும், பொய் சொல்ல மாட்டேன்மா" என்கிறார் செயலாளர். ஐந்து மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிப்பது, கூலர்களைப் பெற்றோர் பக்கம் வைப்பது, பரிசளிப்பை முன்பாதியிலேயே முடித்துவிடுவது என்று மூன்று ஏற்பாடுகள் சொல்கிறார். ஒன்பது மணி என்பதில் இன்னொரு கணக்கும் உண்டு. சுற்றுக் கிராமங்களுக்குக் கடைசி பஸ் ஒன்பதரைக்கு. பஸ் ஸ்டாண்டு நடக்கிற தூரம்.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. கல்யாண மண்டபத்தின் நாள் வாடகை பல ஊர்களில் பிற்பகலில் தொடங்கி மறுநாள் பிற்பகலில் முடியும். முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாலையே வரவேற்புக்காகக் கல்யாண வீட்டார் வந்திறங்கிவிடுவார்கள். ஆகவே முகூர்த்த நாளைத் தவிர்த்தால் மட்டும் போதாது, அதற்கு முந்தைய மாலையையும் தவிர்க்க வேண்டும். காலண்டரைப் பார்த்து இரண்டு தேதிகளை எழுதி வந்திருந்தார் மாணவி.

முடிவில் "ஆதரவு தாருங்கள்" என்று வேண்டிக்கொண்டு அவர் உட்காரவில்லை. தீர்மானமாகவே வாசிக்கிறார்: பழைய மண்டபத்தை முதல் தேதிக்குப் பதிவு செய்வது. அது கிடைக்காவிட்டால் இரண்டாம் தேதி. கதவுகளைத் திறந்து காட்டிய பின் 20,000 ரூபாய் அட்வான்ஸ், ரசீதில் ரத்து விதிமுறை எழுதி வாங்குவது. இரண்டு தேதியுமே இல்லையென்றால் புதிய அரங்கு. அப்போது அழைப்பிதழ்களை 650க்குள் நிறுத்திக்கொண்டு, குழு நடனங்களை எட்டுப் பேராகக் குறைப்பது. முதல்வர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: அட்வான்ஸைப் பணமாகக் கொடுக்காமல் காசோலையாகக் கொடுக்க வேண்டும்.