உங்களுக்குத் தெரியுமா? ஃபண்டின் இறக்கத்தை மட்டும் அளக்கும் சார்ட்டினோ ரேஷியோ

● 2020 மார்ச்சில் நிஃப்டி 50 குறியீடு சுமார் 23% சரிந்தது. அடுத்த மாதமே 14.7% ஏறியது. ஃபண்டுகளை ஒப்பிட நாம் வழக்கமாகப் பார்க்கும் ஷார்ப் ரேஷியோ, இந்தச் சரிவு, ஏற்றம் இரண்டையுமே ரிஸ்க் என்றுதான் கணக்கில் சேர்க்கும். அது ஸ்டாண்டர்ட் டீவியேஷனால் வகுக்கிறது. சராசரியிலிருந்து வருமானம் எவ்வளவு விலகியது என்பதுதான் அந்த அளவுக்குத் தெரியும். மேலே விலகியதா, கீழே விலகியதா என்பது தெரியாது. ஏப்ரல் ஏற்றத்தைக் கண்டு எந்த முதலீட்டாளர் பயந்தார்?

● வில்லியம் ஷார்ப் தன் அளவுகோலை 1966-ல் வெளியிட்டார். 1990-ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சார்ட்டினோ ரேஷியோ, ஃபிராங்க் சார்ட்டினோவின் பெயரால் வழங்குவது. இதில் மேல்பகுதி கிட்டத்தட்ட அதேதான்: சராசரி வருமானத்திலிருந்து நாம் எதிர்பார்க்கும் குறைந்தபட்ச வருமானத்தைக் கழிக்க வேண்டும். வகுக்கும் எண் மட்டும் வேறு. அந்த இலக்குக்குக் கீழே போன மாதங்களின் பற்றாக்குறை மட்டுமே அதில் சேரும்.

● ஷார்ப் ரேஷியோ ஒன்றாகவே இருக்கும் இரண்டு ஃபண்டுகளுக்கு சார்ட்டினோ நான்கு மடங்கு வித்தியாசப்படலாம். கணக்குக்காக இரண்டு ஃபண்டுகளைக் கற்பனை செய்வோம். 'அ' ஃபண்ட் ஓராண்டில் பத்து மாதம் 0%, இரண்டு மாதம் 6% தந்தது. 'ஆ' ஃபண்ட் பத்து மாதம் 2% தந்தது, இரண்டு மாதம் 4% இறங்கியது. இரண்டுக்கும் மாதச் சராசரி 1%. இரண்டுக்கும் ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 2.34%. மாத இலக்கையும் ரிஸ்க் இல்லாத வருமானத்தையும் 0.5% என்றே வைத்தால், இரண்டுக்கும் ஷார்ப் 0.21.

இப்போது இறக்கத்தை மட்டும் பார்ப்போம். 'அ'வில் பத்து மாதமும் இலக்குக்கு 0.5 குறைவு. அதன் வர்க்கம் 0.25, பத்து மாதத்துக்கு 2.5. இதைப் பன்னிரண்டால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.46. 'ஆ'வில் இரண்டு மாதம் மட்டும் 4.5 குறைவு, வர்க்கங்களின் கூட்டல் 40.5. அதையும் பன்னிரண்டால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.84. ஆக 'அ'வின் சார்ட்டினோ 1.10, 'ஆ'வின் சார்ட்டினோ 0.27. ஆண்டுக் கணக்குக்கு மாற்ற 12-ன் வர்க்கமூலமான 3.46-ஆல் பெருக்கினால் போதும்.

● எக்செலில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான்: மைனஸ் மாதங்களை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றுக்கு STDEV போட்டுவிடுகிறார்கள். 'ஆ'வுக்கு அப்படிச் செய்தால் விடை பூஜ்ஜியம்! இரண்டு மாதமும் ஒரே மாதிரி 4% இறங்கியதால், அவற்றுக்குள் விலகலே இல்லை. பணம் இறங்கியிருக்கிறது, ரிஸ்க்கோ மாயமாகிவிட்டது. விலகலை இலக்கிலிருந்துதான் அளக்க வேண்டும். வகுப்பதும் எல்லா மாதங்களின் எண்ணிக்கையால்தான். இறங்கிய இரண்டு மாதத்தால் மட்டும் வகுத்தால், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை இறங்கியது என்ற தகவலே போய்விடும். வருமானம் B2 முதல் B13 வரையும், இலக்கு D1-லும் இருந்தால்:

```
=SQRT(SUMPRODUCT((B2:B13<D1)*(B2:B13-D1)^2)/COUNT(B2:B13))
```

● இலக்கை மாற்றினால் சார்ட்டினோவும் மாறும். மேலே சொன்ன கணக்கில் இலக்கை 0% ஆக்குங்கள். 'ஆ' 0.61-க்கு உயரும். 'அ'வுக்கோ இலக்குக்குக் கீழே ஒரு மாதம்கூட இல்லை. வகுக்கும் எண் பூஜ்ஜியம், விடையே கிடையாது. அதனால் இரண்டு இடங்களில் பார்த்த சார்ட்டினோ எண்களை ஒப்பிடுமுன், இரண்டுக்கும் இலக்கும் காலமும் ஒன்றுதானா என்று பாருங்கள். அது தெரியாவிட்டால், மாத வருமானங்களை எடுத்து நீங்களே போட்டுவிடுவது நல்லது.

● பன்னிரண்டு மாதம் விளக்கத்துக்குப் போதும், முடிவெடுக்கப் போதாது. இறங்கிய மாதங்களை மட்டும் எடுப்பதால், விடை இரண்டு மூன்று எண்களின் தோளில் நிற்கிறது. ஒரு மோசமான மாதம் கணக்கிலிருந்து நழுவினாலே ரேஷியோ துள்ளிவிடும். சந்தை தொடர்ந்து ஏறிய காலத்தை மட்டும் எடுத்தால் சாதாரண ஃபண்டும் பிரமாதமாகத் தெரியும். ஒரு பெரிய சரிவாவது உள்ளே வரும்படி 36 அல்லது 60 மாதங்களை எடுப்பேன்.

● மாதக் கணக்கு, மாதத்துக்குள் நடந்ததைக் காட்டாது. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி 7,610-ல் முடிந்தது. பிப்ரவரி கடைசியில் அது 11,201. அதாவது 32% சரிவு. மாதக் கடைசிக்குள் கொஞ்சம் மீண்டுவிட்டதால், ஷார்ப், சார்ட்டினோ இரண்டுமே பார்த்தது 23 சதவீதத்தைத்தான்.