எக்செல் எழுதும் கடிதம்

பன்னிரண்டு வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கட்டடத்துக்கு வெள்ளையடிக்க மொத்தம் 14,20,000 ரூபாய் ஆகிறது. அதை வீட்டுக்கு வீடு சமமாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்ப வேண்டும். எக்செல் தாளில் B பத்தியில் பெயர், C-யில் பங்குத் தொகை, D-யில் கடைசி தேதி இருக்கின்றன. ஒவ்வொரு வரியையும் கையால் தட்டாமல், & குறியால் எல்லாவற்றையும் கோத்துவிடலாம்:

```
=B2&" அவர்களுக்கு: உங்கள் பங்கு ரூ. "&C2&". கடைசி தேதி "&D2
```

இதில் வரும் வாசகம் இப்படி இருக்கும்: "உங்கள் பங்கு ரூ. 118333.333333333. கடைசி தேதி 45818". கட்டத்தில் 1,18,333 என்றும் 10-06-2025 என்றும் அழகாகத் தெரிந்தவை வாக்கியத்துக்குள் இப்படி மாறிவிடுகின்றன.

கட்டத்துக்குள் உண்மையில் இருப்பது வெறும் எண். கமாவும் தேதியின் உருவமும் அதன் மேல் போட்ட சட்டை மாதிரிதான். & குறி சட்டையைக் கழற்றிவிட்டு ஆளை மட்டும் அழைத்து வருகிறது. தேதியையும் எக்செல் எண்ணாகவே வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து அது நாள்களை எண்ணிக்கொண்டே போகிறது. அந்தக் கணக்கில் 2025 ஜூன் 10 என்பது 45818.

எண்ணை எந்த உருவத்தில் எழுத வேண்டும் என்று சொல்லி, அதை எழுத்தாக மாற்றித் தருவது TEXT. முதலில் கட்டத்தையும், அடுத்து மேற்கோள் குறிக்குள் வேண்டிய வடிவத்தையும் கொடுக்க வேண்டும். `TEXT(C2,"#,##0")` என்றால் கமாவோடு, பைசா இல்லாமல் வரும். பைசாவும் வேண்டுமென்றால் `"#,##0.00"`. கமா எங்கே விழும் என்பது கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்தது. விண்டோஸில் இந்தியா என்று வைத்திருந்தால் 1,18,333 வரும். அமெரிக்கா என்று இருந்தால் 118,333. எந்தக் கணினியிலும் லட்சக் கணக்கில் வர வேண்டுமென்றால் கமாவை நாமே ஊன்றிவிடலாம்:

```
TEXT(C2,"[>=100000]##\,##\,##0;##,##0")
```

லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு முதல் வடிவம், அதற்குக் கீழே இரண்டாவது வடிவம். கோடியைத் தொடும் தொகைக்கு இது போதாது; முன்னால் இன்னொரு நிபந்தனை சேர்க்க வேண்டும்.

தேதிக்கு `"dd-mm-yyyy"` போதும்தான். ஆனால் நான் மாதத்தின் பெயரையே எழுதச் சொல்வேன். 10-06 என்பதை ஒருவர் ஜூன் 10 என்றும் இன்னொருவர் அக்டோபர் 6 என்றும் படிக்கலாம். mmmm என்று நான்கு எம் கொடுத்தால் மாதம் முழுப்பெயரில் வரும். முன்னால் `[$-449]` சேர்த்தால் அது தமிழிலேயே வரும். முழு வாக்கியம் இது:

```
=B2&" அவர்களுக்கு: உங்கள் பங்கு ரூ. "
&TEXT(C2,"[>=100000]##\,##\,##0;##,##0")&". "
&TEXT(D2,"[$-449]yyyy mmmm d")&"-க்குள் செலுத்தவும்."
```

"உங்கள் பங்கு ரூ. 1,18,333. 2025 ஜூன் 10-க்குள் செலுத்தவும்." இனி இந்தச் சூத்திரத்தைக் கீழே இழுத்துவிட்டால் பன்னிரண்டு வரிகளும் தயார்.

அனுப்புமுன் பணத்தைக் கூட்டிப் பாருங்கள். எல்லோரும் கடிதத்தில் உள்ளபடி 1,18,333 ரூபாய் கொடுத்தால் சேர்வது 14,19,996. நான்கு ரூபாய் குறைகிறது. தாளில் C பத்தியைக் கூட்டினாலோ சரியாக 14,20,000 காட்டும். காரணம், TEXT மாற்றியது தோற்றத்தை மட்டும்தான். மூன்றில் ஒரு பங்கு ரூபாய் இன்னும் கட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே C பத்தியிலேயே `=ROUNDUP(1420000/12,0)` என்று போட்டு 1,18,334 ஆக்கிவிட வேண்டும். எட்டு ரூபாய் மிஞ்சும், ஆனால் கடிதமும் கணக்குப் புத்தகமும் ஒத்துப்போகும். TEXT தந்த விடையைத் தனிப் பத்தியில் வைத்து அதை SUM-ஆல் கூட்டவும் முயல வேண்டாம். அது எழுத்து, SUM அதைக் கண்டுகொள்ளாமல் பூஜ்யம் என்று காட்டும்.

தேதிப் பத்தியையும் ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துவிடுவது நல்லது. தேதி காலியாக இருக்கும் வரியில் 1900 ஜனவரி என்று ஏதோ வந்து நிற்கும். அமெரிக்க அமைப்புள்ள கணினியில் 13/06/2025 என்று தட்டினால், பதின்மூன்றாவது மாதம் கிடையாது என்பதால் எக்செல் அதைத் தேதியாகவே ஏற்காது. அது வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டி நிற்கும். TEXT-உம் அதை மாற்றாமல் அப்படியே கடிதத்தில் இறக்கிவிடும்; `=ISNUMBER(D2)` என்று கேட்டால் FALSE என்று சொல்லும். இதைவிட மோசமானது 10/06/2025. அதே கணினி அதைச் சத்தமில்லாமல் அக்டோபர் 6 என்று எடுத்துக்கொள்ளும், ISNUMBER-க்கும் தப்பிவிடும். மாதத்தை எழுத்தில் போட்டிருந்தால்தான் கடிதத்தில் அக்டோபரைப் பார்த்து அதைப் பிடிக்க முடியும்.